புள்ளிக்கோடு யாருக்குக் கட்டுப்பட்டது?



கிள்ளானில் 18 பேருடன் தொடங்கி, பினாங்கு, ஜொகூர் பாரு கிளைகளுடன் 120 பேராக வளர்ந்த ஓர் உணவுப்பொட்டல விநியோக நிறுவனத்துக்கு நான் ஆலோசனை கூறினேன். அதன் அமைப்பு வரைபடம் தென்னைமரம்போல் நெட்டையாக இருந்தது. கடைநிலை ஊழியருக்கும் நிர்வாக இயக்குநருக்கும் இடையே ஐந்து படிகள்! பினாங்கு வாடிக்கையாளர் ஒருவருக்கு 400 ரிங்கிட்டைத் திருப்பிக் கொடுக்க, அந்தத் தாள் மேலே ஏறி, கிள்ளான் கணக்குப் பிரிவில் இறங்கி வர ஒன்பது நாள் ஆயிற்று. அதற்குள் அவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார்.

ஆகவே மேற்பார்வையாளர், வட்டார நிர்வாகி என்ற இரு படிகளை எடுத்தோம். அப்பதவிகளில் இருந்தோரின் சம்பளத்தில் கை வைக்கவில்லை. வைத்திருந்தால் திட்டம் அன்றே படுத்திருக்கும். பினாங்கு கணக்கருக்குக் கிளை நிர்வாகியிடம் முழுக்கோடும், கிள்ளானிலுள்ள கணக்குப் பிரிவுத் தலைவரிடம் புள்ளிக்கோடும் போட்டோம். இதுதான் மேட்ரிக்ஸ் அமைப்பு.

படம் அழகாக இருந்தது. வேலை நடக்கவில்லை. மாதக் கடைசியில் கிளை நிர்வாகி, "விலைப்பட்டியலை முடியுங்கள்" என்பார். கணக்குத் தலைவர், "3ஆம் தேதிக்குள் கணக்கை மூடுங்கள்" என்பார். அந்தப் பெண் இரவு பத்து மணி வரை இரண்டையும் செய்தார். மூன்றாம் மாதம் விலகல் கடிதம் வந்தது. தவறு அவருடையதன்று, புள்ளிக்கோட்டை வரைந்த நாங்கள் அதற்குப் பொருள் எழுத மறந்திருந்தோம்.

பிறகு இரு தலைவர்களையும் எதிரெதிரே உட்காரவைத்து ஒரே பக்கத்தில் எழுதினோம். விடுமுறையும் அன்றாட வேலையும் கிளை நிர்வாகி பொறுப்பு. கணக்கெழுதும் முறையும் மாத முடிவுத் தேதியும் கணக்குத் தலைவர் பொறுப்பு. மாதத்தின் முதல் மூன்று நாளும் கணக்கர் அவருக்கே உரியவர். ஆண்டு மதிப்பீட்டைக் கிளை நிர்வாகி எழுதுவார். ஆனால், மற்றவர் கருத்தைக் கேட்காமல் கையொப்பமிட முடியாது. 500 ரிங்கிட் வரை கிளையே திருப்பிக் கொடுக்கலாம். இருவரும் முரண்பட்டால் ஒரே நாளில் தங்களுக்குள் பேசி முடிக்கவேண்டும். முடியாவிட்டால் செயல்பாட்டு இயக்குநரிடம் போகவேண்டும். கணக்கரைத் தூது விடக்கூடாது! இந்தக் கடைசி வரிக்குத்தான் அதிக நேரம் விவாதித்தோம்.

விலகல் கடிதத்தை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

உங்கள் நிறுவனத்திலும் இப்படிக் கோடு போட்டிருந்தால், ஊழியரைத் தனியே அழைத்து, "விடுமுறை யாரிடம் கேட்பீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டு பெயர் வந்தால் அந்தக் கோடு இன்னும் முடிவாகவில்லை.

எல்லாருக்கும் புள்ளிக்கோடு வேண்டியதில்லை. லாரி ஓட்டுநருக்கும் கிடங்குக்காரருக்கும் கிளை ஒன்றே போதும். அந்த நிறுவனத்தில் கணக்கு, கொள்முதல், மனிதவளம் மூன்றுக்கு மட்டும் வைத்தோம். இரண்டு கிளைக்கும் சேர்த்து ஆறு கோடுகள். ஏழாவதாக விற்பனைக்கும் ஒன்று கேட்டார்கள். ஆறும் ஓர் ஆண்டு ஓடட்டும் என்று சொல்லி வந்தேன்.