பத்து லிட்டருக்கு எத்தனை மில்லி?
(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

விவசாயம் பற்றிப் பேசச் சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு சங்கதிதான். டேங்கில் மருந்து கலக்குறது. அதை நான் தப்பாகச் செஞ்சுதான் கத்துக்கிட்டேன். அதனால அதையே சொல்றேன்.

வீட்டுக்குப் பின்னாடி இருபது சென்ட்டில் வெண்டை போட்டிருந்தேன். இலைக்கு அடியில் வெள்ளை ஈ. செடியை லேசா ஆட்டினால் மாவு பறக்கிற மாதிரி பறக்கும். இதுதான் நரம்பு மஞ்சளாகிற நோயைச் செடிக்குச் செடி கொண்டு போகுது. பயிற்சியில், "வேப்பெண்ணெய் மூணு சதவீதக் கரைசல் அடிங்க" என்று சொல்லி அனுப்பினாங்க. நானும் நோட்டில் எழுதிக்கிட்டேன். சதவீதம் என்றால் நமக்குத் தெரியாதா? குழுவில் கடனுக்கு வட்டி போடுறோமே! நூறு பங்கில் மூணு பங்கு. ஒரு லிட்டர் என்பது ஆயிரம் மில்லி. அதில் நூறில் மூணு என்றால் முப்பது மில்லி. என் கைத்தெளிப்பான் பத்து லிட்டர். ஆக முந்நூறு மில்லி. கணக்கு சரி.

முந்நூறு மில்லி எண்ணெயை அளந்து டேங்கில் ஊத்தினேன். பத்து லிட்டர் கோடு வரை தண்ணி ஊத்தி, மூடி போட்டு, தோளில் மாட்டிக்கிட்டேன். நாலு நாள் கழிச்சுப் போய்ப் பார்த்தால், முதல் பாத்திகளில் ஈ அப்படியே இருக்கு. கடைசி ரெண்டு பாத்தியில் மட்டும் இலை ஓரமெல்லாம் தீய்ஞ்சு, பழுப்பாகி, தொங்கிப்போச்சு. ஒரே டேங்க், ஒரே கை, ஒரே சாயங்காலம். என் வீட்டுக்காரர், "மருந்தே கலப்படம்" என்றார். கலப்படம் இல்லை. தப்பு என்னோடது.

எண்ணெய் தண்ணியில் மிதக்கும். நாம சாம்பார் தாளிக்கிறப்போ தினமும் பார்க்கிறதுதானே! டேங்கில் குழாய் எடுக்கிறது அடியிலிருந்து. அதனால முதலில் வெறும் தண்ணிதான் போயிருக்கு. தண்ணி தீரத் தீர மேலே மிதந்த எண்ணெய் கீழே இறங்கி, கடைசி ரெண்டு பாத்திக்கு மொத்தமாக விழுந்திருக்கு. டேங்குக்குள்ள மூணு சதவீதம் இருந்தது உண்மை. மூக்கு வழியா வந்தது மூணு இல்லை. முதலில் ஒண்ணுமில்லை, கடைசியில் தாங்க முடியாத அளவு.

அதிலிருந்து நான் கலக்குற முறை இது. பத்து லிட்டருக்கு முந்நூறு மில்லி எண்ணெயை ஒரு வாளியில் ஊத்துவேன். லிட்டருக்கு ஒரு மில்லி கணக்கில் டீப்பால் மாதிரி ஒட்டும் திரவம், அதாவது பத்து மில்லி, எண்ணெயோடு சேர்த்து நல்லா கலக்குவேன். பிறகு ஒரு டம்ளர் தண்ணி ஊத்தி, குச்சியால் சுத்திச் சுத்தி அடிப்பேன். மோர் கடைகிற மாதிரி. பால் மாதிரி வெள்ளையா மாறும். அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணி சேர்த்து, துணியில் வடிகட்டி டேங்கில் ஊத்தி, பத்து லிட்டர் கோடு வரை நிரப்புவேன். எண்ணெயையும் சேர்த்துத்தான் பத்து லிட்டர். பத்து லிட்டர் தண்ணியின் மேல் முந்நூறு மில்லி எண்ணெய் ஊத்தினாலும் பெரிய வித்தியாசம் வராது, அதுக்காகக் கவலைப்பட வேண்டாம்.

எங்க போர் தண்ணி உப்பு. துணி துவைச்சால் நுரை வராது. அந்தத் தண்ணியில் சாதா சோப்பு கரைச்சால் திரிதிரியா திரிஞ்சு போகும், எண்ணெயும் பிரிஞ்சிடும். அதனால் கிணத்துத் தண்ணியோ மழைத் தண்ணியோ கிடைச்சால் அதைத்தான் எடுப்பேன். சந்தேகம் இருந்தால், ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் கரைசலை ஊத்தி அரைமணி நேரம் அப்படியே வைங்க. வெள்ளையாகவே இருந்தால் அடிக்கலாம். மேலே எண்ணெய் வளையம் கட்டினால் அடிக்க வேண்டாம், திரும்பக் கடையணும். அடிக்கும்போதும் நடுநடுவே டேங்கைக் குலுக்குங்க. கலந்ததை அன்னைக்கே முடிச்சிடணும். உச்சி வெயிலில் வேண்டாம், சாயங்காலம்தான் அடிக்கணும். முதல் தடவை என்றால் நாலு செடியில் மட்டும் அடிச்சு, ரெண்டு நாள் பார்த்துட்டுத்தான் மத்ததுக்குப் போகணும்.

இதெல்லாம் பழகின பிறகு குழுவில் பேட்டரி தெளிப்பான் வாங்கினோம். வாடகைக்கும் விடுறோம். அங்கே வேற சிக்கல் வந்துச்சு. அது பதினாறு லிட்டர். பழைய பழக்கத்தில் எல்லாரும் "ஒரு டேங்குக்கு முந்நூறு மில்லி" என்றே ஊத்தினாங்க. பதினாறு லிட்டரில் முந்நூறு மில்லி என்றால் ரெண்டு சதவீதம்கூட வரலை. ஈ சாகலை, வேப்பெண்ணெய்க்குப் பேர் கெட்டுது. பதினாறை முப்பதால் பெருக்கினால் நானூத்தி எண்பது. அதுதான் சரியான அளவு. டேங்க் கணக்கை விட்டுட்டு லிட்டர் கணக்குக்கு வந்தால் எந்த மிசினுக்கும் தப்பாது. ஒரு சதவீதம் என்றால் லிட்டருக்குப் பத்து மில்லி. இதை மனசில் வச்சுக்கிட்டால் மத்தது தானே வரும்.

டேங்கில் அச்சடிச்ச கோட்டையும் ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க. லிட்டர் படியால் ஊத்தி ஊத்தி நாங்களே பெயின்ட்டில் கோடு போட்டோம். அளவுக்கு மூடியோ டீ டம்ளரோ வேண்டாம். மில்லி போட்ட குவளை ஒண்ணு தனியா வச்சுக்கணும், அது சமையல்கட்டுக்குள் வரக்கூடாது. வேப்பெண்ணெய்தானே என்று குழந்தைகள் எட்டுற இடத்திலும் வைக்காதீங்க, குடிச்சால் ஆபத்து.

இன்னொரு சதவீதம் இருக்கு, அதில்தான் நிறைய பேர் ஏமாறுறோம். கடையில் விக்கிற வேம்பு மருந்துப் பாட்டிலில் 0.15 சதவீதம் என்று போட்டிருக்கும். அது அசாடிராக்டின் என்கிற சரக்கு பாட்டிலுக்குள் எவ்வளவு என்பது. நாம டேங்கில் கலக்க வேண்டிய சதவீதம் இல்லை. நான் சொன்ன முப்பது மில்லி கணக்கு செக்கில் ஆட்டின சுத்த வேப்பெண்ணெய்க்கு மட்டும்தான். பாட்டில் மருந்துக்கு அந்த லேபிளில் லிட்டருக்கு எத்தனை மில்லி என்று போட்டிருக்கோ, அதுதான் அளவு. எழுத்து சின்னதாக இருந்தால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்க. முப்பது மில்லி என்று ஊத்தினால் காசும் போகும், இலையும் தீயும்.

இப்போ என் இருபது சென்ட்டுக்கே கணக்கு போடுவோம். ஏக்கருக்கு இருநூறு லிட்டர் கரைசல் என்றால் இருபது சென்ட்டுக்கு நாப்பது லிட்டர். எண்ணெய் ஒண்ணேகால் லிட்டருக்கும் கொஞ்சம் குறைவு, ஆயிரத்து இருநூறு மில்லி. பதினாறு லிட்டர் டேங்க் ரெண்டு, மூணாவது டேங்க் பாதி. அந்தப் பாதிக்கு இருநூத்தி நாப்பது மில்லி போதும், முழு அளவையும் ஊத்திடாதீங்க.

வாடகைக்குப் போன மிசினில் கரைசல் மிச்சம் இருந்து, அதன் மேலேயே நிரப்புவதும் நடக்குது. ஒரே கரைசல், அன்னைக்குக் கலந்தது என்றால் மட்டும்தான் அப்படிச் செய்யலாம். அடியில் நாலு லிட்டர் கிடக்கு என்று வைங்க. புதுசாக ஊத்தப் போறது பன்னிரண்டு லிட்டர்தான். அதுக்கு முந்நூத்தி அறுபது மில்லி. யோசிக்காமல் நானூத்தி எண்பது ஊத்தினால் மூணு முக்கால் சதவீதம் ஆயிடும். வேற மருந்து அடிச்ச மிசின் என்றால், மிச்சத்தைக் கேட்டு விசாரிக்கிற வேலையே வேண்டாம். மூணு தடவை கழுவிட்டுத்தான் தோளில் மாட்டணும். கழுவின தண்ணி வாய்க்காலுக்குப் போகக்கூடாது. எங்க குழுவில் கழுவாமல் மிசினைத் திருப்பிக் கொடுத்தால் வாடகையோடு இருபது ரூபாய் சேர்த்து வாங்குறோம், முதலில் கட்டினது நான்தான்.