ஆடியில் ஊன்றும் அவரை

ஆடிப் பட்டத்தில் ஊன்றிய பந்தல் அவரை, மார்கழியை ஒட்டித்தான் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. பகல் பொழுது சுருங்குவதே அதற்குக் காரணம். அதே நாட்டு விதையைத் தையில் ஊன்றினால், பகல் நீண்டுகொண்டே போகும். கொடி பந்தலை மூடும், ஆனால் காய்க்காது. கோடையில் காய் வேண்டுவோருக்குப் பகலின் நீளத்தைப் பார்க்காத குத்து அவரையே ஏற்றது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கீரை விதைப்பது பெரும்பாலும் வீண். பொடி விதை நீரோடு போய்விடும். தப்பி முளைத்த நாற்றும் அடித்தண்டு கறுத்துச் சுருங்கிச் சாய்ந்தால், அது நாற்றழுகல். மேட்டுப்பாத்தி ஓரளவு காக்கும்.

மழை ஓய்ந்ததும் தையில் கீரையும் வெண்டையும் போடலாம். வெண்டையின் இலை நரம்புகள் மஞ்சளானால் வெள்ளை ஈ நச்சுயிரியைப் பரப்பிவிட்டது. அந்தச் செடியை உடனே பிடுங்கிவிட வேண்டும்.