புறப்படும் சரக்கும் புதிய கோரிக்கையும்

இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரமாகச் செல்லும் சாலையில் நாள்தோறும் சரக்கு லாரிகள் வரிசையாக நிற்பதை நீங்கள் கண்டிருக்கலாம். அவை ஒவ்வொன்றிலும் எந்தச் சரக்கு எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது முன்னரே கணக்கிடப்பட்டதாகும். அக்கணக்கு முடிந்த பிறகு வாடிக்கையாளர், "இன்னும் கொஞ்சம் சேர்த்து அனுப்புங்கள்" என்று கேட்டால் என்ன செய்வது? திருவொற்றியூரில் ஒரு கிடங்கின் அனுப்புகைப் பிரிவில் பணியாற்றியவன் என்ற முறையில் இதைக் குறித்துப் பேச விழைகிறேன்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். பத்து டன் ஏற்றத்தக்க லாரி ஒன்று சேலம் வழியாகக் கோயம்புத்தூருக்குச் செல்ல வேண்டும். சரக்கு, சாயத் தொழிலுக்குப் பயன்படும் சோடா உப்பு. மூட்டை ஒன்றுக்கு 50 கிலோ. கோவை வாடிக்கையாளருக்கு 120 மூட்டைகள், அதாவது 6 டன்; சேலத்தாருக்கு 60 மூட்டைகள், அதாவது 3 டன். ஆக மொத்தம் 9 டன். சேலத்தில் முதலில் இறக்க வேண்டியிருப்பதால், கோவைச் சரக்கை உட்புறத்திலும் சேலத்துச் சரக்கைக் கதவருகிலும் அடுக்க வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்கு ஏற்றத் தொடங்குவதாக ஏற்பாடு.

காலை பதினொரு மணிக்குக் கோவையிலிருந்து தொலைபேசி வருகிறது. "ஐயா, எங்களுக்கு இன்னும் முப்பத்திரண்டு மூட்டை வேண்டும். அதே லாரியில் போட்டுவிடுங்கள்" என்கிறார்கள். அவர்களுடைய சாயத் தொட்டிகள் நின்றுவிடக் கூடாதே என்ற கவலை குரலில் தெரிகிறது.

உடனே "ஆகட்டும்" என்பதும் தவறு; "முடியாது" என்பதும் தவறு. முதலில் எடையைப் பார்க்க வேண்டும். 32 மூட்டைகள் 1.6 டன், லாரியில் மிஞ்சியிருப்பதோ ஒரு டன். ஆகவே இருபது மூட்டைகள் செல்லும், பன்னிரண்டு செல்லா. அதிக பாரம் ஏற்றினால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் மோட்டார் வாகனச் சட்டப்படி இருபதாயிரம் ரூபாயும், மிகுதியாகும் ஒவ்வொரு டன்னுக்கும் இரண்டாயிரம் ரூபாயும் அபராதம் உண்டு. மிகுதியான சரக்கை வழியிலேயே இறக்கும் செலவும் சேரும்.

அடுத்தது நேரம். பதினொரு மணிக்குக் கேட்டதால் இருபது மூட்டைகளை உட்புறத்தில் சேர்க்கலாம். அதே கோரிக்கை, ஏற்றி முடித்துத் தார்ப்பாய் கட்டிய பின் மாலை ஐந்து மணிக்கு வந்திருந்தால்? அம்மூட்டைகள் கதவருகில்தான் நிற்கும். சேலத்தில் அவற்றை இறக்கி, சேலத்துச் சரக்கை எடுத்து, மீண்டும் ஏற்ற வேண்டும். கூலியும் காலதாமதமும் கூடும். எதுவும் கேளாத சேலத்தாரின் சரக்கு மாறிப்போகவும் கூடும். ஒருவருக்குச் செய்யும் உதவி மற்றொருவருக்குத் தீங்காகும் இடம் இதுதான்.

மூன்றாவது ஆவணம். கூடுதல் மூட்டைகளைப் பழைய பில்லில் கையால் எழுதிச் சேர்ப்பது ஆகாது. சரக்குடன் செல்லும் இ-வே பில் என்னும் மின்னணுச் சீட்டு, தமிழ்நாட்டுக்குள் 2018 ஜூன் 2 முதல் நடைமுறையில் உள்ளது. ஒரு முறை உருவாக்கியபின் அதில் சரக்கின் அளவைத் திருத்த இயலாது. இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் நீக்கிவிட்டுப் புதிதாகத்தான் எடுக்க வேண்டும். ஆகவே கூடுதலைத் தனி ஆர்டராகக் கொண்டு, தனி எண்ணும் தனி பில்லும், மதிப்பு வரம்பைத் தாண்டினால் தனி இ-வே பில்லும் கொடுப்பதே எளிது. பழைய தாள்கள் தொடப்படாமல் இருக்கும். இரு ஆர்டர்களும் ஒரே லாரியில் செல்லும்.

கூடுதல் கோரிக்கையை எழுத்தில் வாங்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவின்படி, ஒப்புக்கொண்ட அளவுக்கு மேல் சரக்கு வந்தால், வாங்குபவர் மிகுதியை மட்டும் மறுக்கலாம். முழுவதையுமே மறுக்கவும் செய்யலாம். தொலைபேசியில் கேட்டவர் ஒருவர், கிடங்கில் சரக்கைப் பெறுபவர் மற்றொருவர் என்றால், "இதை நாங்கள் கேட்கவில்லையே" என்ற சொல் எழுவது எளிது.

ஆகவே கோவைக்குச் சொல்லத்தக்க விடை இதுவே: "இருபது மூட்டை இன்றே இதே லாரியில் வரும். பன்னிரண்டு மூட்டை அடுத்த லாரியில் வரும். விலையும் வண்டி வாடகையும் இவ்வளவு. ஒரு மணிக்குள் எழுத்தில் உறுதி செய்யுங்கள். தவறினால் முதல் ஆர்டர் மட்டும் புறப்படும்." ஒரு மணி என்று குறிப்பதில் பொருள் உண்டு. மூட்டைகளை எடுத்து வைக்கவும் பில் எழுதவும் இரண்டு மணி நேரம் வேண்டும். கோரிக்கையை ஏற்கத்தக்க கடைசி நேரம், லாரி புறப்படும் நேரமன்று. ஏற்றத் தொடங்கும் நேரத்திலிருந்து இப்பணிகளுக்குரிய பொழுதைக் கழித்தால் கிடைப்பதே அது. அந்த நேரத்தை ஆர்டரை உறுதி செய்யும் கடிதத்திலேயே குறித்துவிட்டால், வாடிக்கையாளர் பதினொரு மணிக்குக் கேட்பதை ஒன்பது மணிக்கே கேட்டுவிடுவார்.