ஒரு சென்டிமீட்டர் எவ்வளவு பெரிசு: ஜாய்ஸ்டிக் செட்டிங் பற்றி

போன எபிசோட்ல, புதுசா வாங்கின ஜாய்ஸ்டிக்கையும் த்ராட்டிலையும் விக்கிறதுக்கு போட்டோ எடுத்து வச்சிருக்கேன்னு சொல்லியிருந்தேன். விக்கல. ஏன் விக்கலங்கிறதுதான் இன்னைக்குக் கதை.

நான் ஓட்டுறது மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020. விமானம் செஸ்னா 172. டேக்-ஆஃப் பிரச்சினை இல்ல, மேல போயி சுத்துறதும் பிரச்சினை இல்ல. இறங்கும்போதுதான் மூணு வாரமா ஒரே கூத்து. ஓடுபாதைக்கு மேல வந்து மூக்கை லேசா தூக்கணும், இல்லையா? ஸ்டிக்கை இழுப்பேன். ஒண்ணும் ஆகாத மாதிரி இருக்கும். இன்னும் கொஞ்சம் இழுப்பேன். திடீர்னு விமானம் பலூன் மாதிரி மேல எழும்பும். பயந்து முன்னாடி தள்ளுவேன். மூக்கு குத்தி, தரையில பந்து மாதிரி துள்ளும். எனக்குக் கை சரியில்லனு முடிவு பண்ணிட்டேன்.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை ஸ்கேல் எடுத்து அளந்து பார்த்தேன். நடுவிலிருந்து முழுசா பின்னாடி இழுத்தா, என் ஸ்டிக்கோட உச்சி நகர்றது 6 சென்டிமீட்டர். அவ்வளவுதான். நிஜ செஸ்னால கைப்பிடி இதைவிட ரொம்ப அதிக தூரம் முன்னாடி பின்னாடி போகும். அதாவது, நான் 1 சென்டிமீட்டர் இழுத்தாலே எலிவேட்டர் 17 சதவீதம் நகருது. மூக்கைத் தூக்க எனக்குத் தேவையானது அதுல பாதிதான். விமானமோ கட்டளை வந்ததும் உடனே அசையாது, கொஞ்சம் தாமதிச்சுத்தான் பதில் சொல்லும். அந்த இடைவெளில நான் இன்னொரு 17 சதவீதம் சேர்த்துடறேன். கை குறை இல்ல, அளவு குறை.

இதுக்குத்தான் கர்வ். ஆனா கர்வ்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஸ்டிக் ஒழுங்கா இருக்கானு பார்க்கணும். விண்டோஸ்ல `joy.cpl` அப்படின்னு டைப் பண்ணா ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். ஸ்டிக்கை ஒவ்வொரு பக்கமா தள்ளி, மெதுவா விட்டுப் பாருங்க. அந்தக் கூட்டல் குறி ஒவ்வொரு தடவையும் அதே இடத்துக்குத் திரும்புதா? என்னோடது இடப்பக்கம் இருந்து விட்டா ஒரு இடம், வலப்பக்கம் இருந்து விட்டா வேற இடம். வித்தியாசம் நடுவிலிருந்து 2 சதவீதம்கிட்ட. அதனால கேம்ல `DEAD ZONE` 3 சதவீதம் வச்சேன். முன்னாடி யாரோ சொன்னாங்கனு 15 வச்சிருந்தேன், அது பெரிய தப்பு. ஒரு சென்டிமீட்டர் கிட்ட ஒண்ணுமே நடக்காது, அப்புறம் திடீர்னு பிடிக்கும். தரையிறங்குற நேரத்துல கை வேலை செய்யறதே அந்த ஒரு சென்டிமீட்டருக்குள்ளதான். திருகுற ரடர் மட்டும் தளர்வா இருந்துச்சு, அதுக்கு 8 குடுத்தேன்.

இப்போ கர்வ். நம்ம இன்ஜினியரிங் ஆளுங்களுக்காக ஒரே ஒரு வரி:

```
y = (1 - k) * x + k * x^3
```

x நீங்க ஸ்டிக்கை நகர்த்துற அளவு, y விமானத்துக்குப் போற அளவு. கேம் உள்ளே இதே சூத்திரம்தான் இருக்குனு சொல்ல வரல, வடிவம் இந்த மாதிரின்னு புரியறதுக்குத்தான். k 0.4 வச்சுப் பாருங்க. நடுவிலிருந்து முதல் 1 சென்டிமீட்டர், முன்னாடி 17 சதவீதம் குடுத்துச்சு. இப்போ 10 சதவீதம் குடுக்கும். ஆனா முழுசா இழுத்தா அப்பவும் 100 சதவீதம் வந்தே ஆகணும். அப்போ மிச்சம் எங்க போகும்? கடைசி சென்டிமீட்டர்ல போய் குவியும், அங்க 27 சதவீதம். நடுவுல வாங்கின கடனை ஓரத்துல வட்டியோட கட்டற கணக்கு.

நான் ஆசைப்பட்டு k-வை 0.7 அளவுக்கு ஏத்தியும் பார்த்தேன். நடு அவ்வளவு மென்மை, வெண்ணெய். பக்கக்காத்துல ஸ்டிக்கை நிறையத் திருப்ப வேண்டி வந்தப்போ, கடைசி சென்டிமீட்டர்ல 34 சதவீதம் ஒரே குதியா வந்து இறக்கையை ஆட்டிடுச்சு. கேம்ல இதுக்கு `SENSITIVITY` ஸ்லைடரை மைனஸ் பக்கம் நகர்த்தணும். நான் எலிவேட்டருக்கும் ஐலரானுக்கும் -40 சதவீதத்துல நிறுத்திட்டேன். பக்கத்துல வரைபடத்துல ஒரு புள்ளி ஸ்டிக்கோட நகரும், அதைப் பார்த்துக்கிட்டே மாத்துங்க. `REACTIVITY`-யைக் குறைக்காதீங்க. அது மென்மையாக்குற மாதிரி தெரியும், ஆனா தாமதத்தைக் கூட்டும். என் பிரச்சினையே தாமதம்தானே.

இவ்வளவு பண்ணியும் ரெண்டு நாள் துள்ளல் நிக்கல. காரணம் ட்ரிம். நான் ட்ரிம் பண்ணாம ஸ்டிக்கை 3 சென்டிமீட்டர் பின்னாடி பிடிச்சுக்கிட்டே இறங்கிட்டு இருந்தேன். அந்தப் பாதி தூரத்துல மேல சொன்ன கோட்டோட சரிவு 0.9. கர்வே இல்லாத ஸ்டிக்குக்கு அது 1, என் மென்மையான நடுவுலயோ 0.6. மென்மையான பகுதியைக் கட்டிட்டு, நான் அதுக்கு வெளிய உட்கார்ந்துட்டு இருக்கேன்! 65 நாட் வேகத்துக்கு ட்ரிம் பண்ணி, கையை எடுத்தாலும் விமானம் அதே வேகத்துல இறங்கற மாதிரி வச்சா, ஸ்டிக் நடுவுல வந்து நிக்கும். அப்போதான் கர்வ் வேலைக்கு வரும்.

அதனால பட்டன்ல நான் முதல்ல மாத்தினது ட்ரிம். கட்டைவிரல் கிட்ட இருக்கிற நாலு திசை பட்டன் சுத்திப் பார்க்கறதுக்கு இருந்துச்சு. அதுல மேல, கீழ ரெண்டையும் `ELEVATOR TRIM DOWN (NOSE DOWN)`, `ELEVATOR TRIM UP (NOSE UP)`-க்குக் குடுத்துட்டேன். மேல தள்ளினா மூக்கு கீழ. ஸ்டிக்கை முன்னாடி தள்ளற மாதிரியே யோசிச்சா குழப்பம் வராது. சுத்திப் பார்க்கறதை மவுஸுக்கு விட்டுட்டேன்.

த்ராட்டிலுக்கு கர்வ் வேண்டாம், நேர்கோடு போதும். அதுக்கு ஸ்ப்ரிங் இல்ல, நடுன்னு ஒரு இடமும் இல்ல. ஆனா ஒரு பேய் இருந்துச்சு. தொடாமலே இன்ஜின் வேகம் ஏறி ஏறி இறங்கும். த்ராட்டில்தான் பழுதுன்னு திட்டினேன். கடைசில பார்த்தா ஸ்டிக்கோட அடில ஒரு குட்டி ஸ்லைடர், அதுவும் `THROTTLE AXIS`-லயே மாட்டியிருக்கு. ரெண்டு சாதனமும் ஒரே லீவரை இழுக்குது. `SEARCH BY INPUT` போட்டு ஸ்லைடரை அசைச்சா, அது எங்க மாட்டியிருக்குனு காட்டும். அந்த இணைப்பை அழிச்சதும் பேய் ஓடிடுச்சு. இன்னொண்ணு, லீவரை முழுசா கீழ இழுத்தும் கேம்ல கொஞ்சம் பவர் மிச்சம் நின்னா, `EXTREMITY DEAD ZONE` 2 சதவீதம் குடுத்துப் பாருங்க. மிச்ச பவரோட இறங்கினா விமானம் தரையைத் தொடவே மாட்டேங்கும்.

ப்ரொஃபைல் பற்றி ரொம்ப நேரம் பேச வேண்டாம். எல்லாத்தையும் ஒரே ப்ரொஃபைல்ல திணிக்காதீங்க. நான் செஸ்னாவுக்கு ஒண்ணு, ஏ320-க்கு ஒண்ணு வச்சிருக்கேன். ஏ320-ல ட்ரிம் தானா நடக்கும், அதனால அதே திசை பட்டன்ல அங்க வேற வேலை. 2020 பதிப்புல விமானம் மாறினா ப்ரொஃபைல் தானா மாறாது, அதுவும் ஸ்டிக்குக்குத் தனி, த்ராட்டிலுக்குத் தனி. ஒருநாள் ஒண்ணை மட்டும் மாத்திட்டு செஸ்னால ஏறி, ட்ரிம் பட்டனை அமுக்கி அமுக்கி ஆட்டோபைலட்டை ஆன் பண்ணிக்கிட்டே இருந்தேன். இப்போ பேர்லயே `C172 STICK`, `C172 THR`னு எழுதிட்டேன்.

போன வாரம் சென்னையில ஓடுபாதை 07-ல பத்து தடவை இறங்கினேன். ஏழு சுத்தம், ரெண்டு லேசான துள்ளல். ஒண்ணு மட்டும் பழைய பந்துதான், ட்ரிம் பண்ண மறந்துட்டேன். விக்கிறதுக்கு எடுத்த போட்டோ இன்னும் போன்லயே கிடக்கு.