குதிகாலை உயர்த்திப் பாருங்கள்



மதுரை ரேஸ்கோர்ஸ் பக்கம் விடியற்காலையில் போனால் ராணுவத்துக்கும் போலீஸுக்கும் ஓடிப் பழகும் இளைஞர்களைப் பார்க்கலாம். அவர்களில் சிலருக்கு ஓட்டத்தைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. ஈரக்காலைச் சிமெண்டுத் தரையில் வைத்தால் பாதம் முழுசாகப் பதிகிறது, நடுவில் குழிவே தெரியவில்லை. மெடிக்கலில் கழித்துவிடுவார்களோ என்ற பயம்.

பாதத்தின் உட்பக்கத்தில், குதிகாலிலிருந்து பெருவிரல் அடிவரை ஒரு வளைவு ஓடுகிறது. திருமலை நாயக்கர் மகாலின் வளைவுகளில் செங்கற்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்பதுபோல, இங்கே எலும்புகள் நிற்கின்றன. மகாலின் வளைவை இருபுறமும் பருத்த தூண்கள் பிடித்துக்கொள்கின்றன. பாதத்துக்கு அந்த வசதி இல்லை. அதனால் குதிகாலையும் விரல்களின் அடியையும் விலகவிடாமல், உள்ளங்காலின் கீழே ஒரு தடித்த நார்ப்பட்டை இழுத்துக் கட்டியிருக்கிறது. வளைவின் உச்சியைக் கீழிருந்து தாங்க, எலும்புகளைப் பிணைக்கும் இன்னொரு நார் உண்டு.

சும்மா நிற்கும்போது பாரத்தைச் சுமப்பவை பெரும்பாலும் இந்த நார்களே. தசைகள் அப்போது ஏறக்குறைய ஓய்வில் இருக்கும். நடக்க ஆரம்பித்ததும் அவை வேலைக்கு வருகின்றன. அவற்றில் முக்கியமானது, கெண்டைக்காலின் ஆழத்திலிருந்து உள் கணுக்காலைச் சுற்றி இறங்கி வளைவைத் தூக்கிப் பிடிக்கும் தசை.

இப்போது அந்த இளைஞர்களில் ஒருவர் குதிகாலை உயர்த்தி முன்பாதத்தில் நிற்கட்டும். விரல்கள் மேல்நோக்கி மடங்கும்போது உள்ளங்கால் நார்ப்பட்டை இறுகிக் குதிகாலை முன்னோக்கி இழுக்கும். நான் சொன்ன தசை குதிகாலை உட்புறம் திருப்பும். நிற்கும்போது காணாமல்போன குழிவு கண்ணெதிரே திரும்பி வந்தால், அது நெகிழ்வான தட்டைப் பாதம். வலியில்லாவிட்டால் அது நோயே அல்ல. ராணுவ மருத்துவ விதிகளும், முன்பாதத்தில் நிற்கையில் வளைவு திரும்பி, அதே நிலையில் துள்ளவும் ஓடவும் முடிந்து, பாதம் இளக்கமாகவும் வலியின்றியும் இருந்தால் ஏற்றுக்கொள்கின்றன. உயர்த்தியும் வளைவு வராமல் பாதம் விறைப்பாக இருந்தால்தான், எலும்புகள் தவறாக ஒட்டியிருக்கின்றனவா என்று எக்ஸ்ரே பார்க்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகளின் பாதம் தட்டையாகத் தெரிவது இயல்பு. உள்ளங்காலில் கொழுப்பு இருக்கும், நார்கள் இளகியிருக்கும். பெரும்பாலோருக்குப் பத்து வயதுக்குள் வளைவு உருவாகிவிடும். 1992இல் ராவ், ஜோசப் என்ற நம் நாட்டு மருத்துவர்கள் 2,300 பிள்ளைகளின் பாதச்சுவடுகளை ஆராய்ந்தார்கள். காலணி அணிந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு திரிந்தவர்களில் 2.8 சதவீதம்தான். முன்புறம் மூடிய ஷூ போட்டவர்களிடமே அது அதிகம். ஆகவே வீட்டிலும் சுத்தமான மணலிலும் பிள்ளைகளை வெறுங்காலோடு ஓடவிடுங்கள். வளைவு வரட்டும் என்று விலையுயர்ந்த ஷூ வாங்கித் தர வேண்டியதில்லை.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. நன்றாக இருந்த ஒரு பாதம் தட்டையாகிக்கொண்டே வந்து, உள் கணுக்காலுக்குப் பின்னால் வலியும் வீக்கமும் இருந்தால், வளைவைத் தூக்கும் அந்தத் தசையின் நாண் நைந்துபோயிருக்கலாம். அந்த ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்த முடியாது. கடையில் மெத்தைச் செருப்பு வாங்கிப் போட்டு நாளைக் கடத்தாமல், எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.