நுரை மிகுந்தால் அழுக்குப் போகுமா?

தில்லியில் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியுள்ள நம்மவர் இல்லங்களில் ஒரு குறை அடிக்கடி கேட்கிறது. ஊரிலிருந்து கொணர்ந்த துவாலை இங்கே சில மாதங்களில் அப்பளம்போல் விறைத்துவிடுகிறது என்பதே அது. தூள் போதவில்லை என்று எண்ணி, ஒரு கரண்டிக்கு இரண்டாகப் போடுகிறோம். விறைப்பு மேலும் கூடுகிறது.

கடின நீருக்குத் தூள் சற்றுக் கூடுதலாகத் தேவை என்பது மெய்யே. ஆனால் உறையில் குறித்த அளவைத் தாண்டியது அழுக்கை அகற்றுவதில்லை. நுரை மிகுந்தால் துணிகள் ஒன்றோடொன்று உரசுவது குறைகிறது. கழன்ற அழுக்கும் மீண்டும் இழைகளில் படிந்து நிறத்தை மங்கச் செய்கிறது. தூளிலுள்ள சலவைச் சோடா நீரின் சுண்ணாம்போடு கூடி நுண்பொடியாகத் தங்குகிறது. வியர்வையில் நனையும்போது தங்கிய எச்சம் தோலை அரிக்கச் செய்யலாம்.

இதனை அறிய எளிய சோதனை உண்டு. துவைத்து உலர்ந்த துவாலையை வெதுவெதுப்பான தூய நீரில் இட்டுக் கையால் அளையுங்கள். நுரை எழுந்தாலோ நீர் கலங்கினாலோ எச்சம் இருக்கிறது. நுரையே இல்லையேல், காற்றில் உலர்ந்ததால் வந்த விறைப்பாகவும் இருக்கலாம்; அது நன்றாக உதறினால் தளரும்.

இனி அலசும் முறை. பிழிந்த துவாலை ஒன்றில் அரை லிட்டர் சோப்பு நீர் நிற்பதாகக் கொள்வோம். அதனைப் 15 லிட்டர் நீரில் ஒரே முறை அலசிப் பிழிந்தால், 31-இல் ஒரு பங்கு சோப்பு எஞ்சும். அதே நீரை ஐந்தைந்து லிட்டராகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் பிழிந்து அலசினால், 1331-இல் ஒரு பங்கே எஞ்சும். இழையோடு ஒட்டியது இக்கணக்கில் அடங்காது. ஆயினும் தண்ணீர் அருமையான ஊரில் இவ்வேறுபாடு சிறிதன்று. நடுவே பிழிவதுதான் இதில் உயிர்நிலை.

இது பருத்திக்கு உரிய கணக்கு. பருத்தியிழை நீரை உறிஞ்சி உப்பும். சோப்பு நீரும் உள்ளே புகுந்துவிடும். ஆதலின் மூன்று அலசல் தேவை. பாலியெஸ்டர் நீரை ஏறக்குறைய உறிஞ்சுவதேயில்லை. அளவாகத் தூள் இட்டிருந்தால் இரண்டு அலசல் போதும்.

தில்லிக் குளிருக்கு நாம் புதிதாக வாங்கும் கம்பளியின் இயல்போ வேறு. அதன் இழையைக் காரம் கெடுக்கும். ஆதலால் சாதாரணத் தூள் ஆகாது, கம்பளிக்கென விற்கும் காரமற்ற திரவமே ஏற்றது. தேய்த்தால் சுருங்கும், முறுக்கிப் பிழிந்தால் வடிவம் கெடும். துவைத்த நீரின் சூட்டிலேயே அலசும் நீரும் இருக்கட்டும். அமுக்கி அமுக்கி அலசி, உலர்ந்த துவாலையில் சுருட்டி நீரை ஒற்றியெடுத்து, கொடியில் தொங்கவிடாமல் பரப்பி உலர்த்துங்கள்.