'வேணாம்மா' என்றவரிடம் காரணம் கேட்போம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், பொருள் தயாரித்து விற்கும் குழுக்களுக்காக ஆற்றிய உரை)



போன கூட்டத்திலே பல குழுக்கள் ஒரே விஷயத்தைச் சொன்னீர்கள். "பொருள் நல்லாத்தான் செய்யறோம், விக்கத்தான் முடியலை" என்றீர்கள். அதனால் இன்றைக்கு விற்பனையைப் பற்றி ஒரு சின்னக் கதை சொல்லப் போகிறோம். ஆட்கள் கதைக்காக வந்தவர்கள், அதனால் பேர் வைக்கவில்லை. ஊரும், பொருளும், அதில் வந்த கோளாறும் நிஜத்தில் உள்ளவை.

கதை நடக்கும் ஊர் சாத்தாங்காடு. வடசென்னையிலே திருவொற்றியூருக்கும் மணலிக்கும் நடுவில் இருக்கிறது. சென்னை ஜார்ஜ் டவுனில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த இரும்பு வியாபாரத்தை வெளியே கொண்டுவருவதற்காக சி.எம்.டி.ஏ. அங்கே இரும்பு எஃகு மார்க்கெட் அமைத்தது. கம்பி, தகடு அடுக்கிய யார்டுகளும், லாரிகளும், ஒவ்வொரு யார்டுக்கும் ஒரு சின்ன ஆபீசுமாக இருக்கும். ஆபீஸ் என்றால் கக்கூஸ் இருக்கும், தரை துடைக்க ஆள் இருக்கும். அதாவது, மாதா மாதம் பினாயில் வாங்குகிற இடம்.

பக்கத்தில் ஒரு குழு. எட்டுப் பேர் சேர்ந்து குழுக் கடன் வாங்கி வெள்ளை பினாயில் செய்ய ஆரம்பித்தார்கள். மாதத் தவணை ரூ.800. மூலச்சரக்கை, அதாவது பினாயில் காம்பவுண்டை, கடையில் வாங்கித் தண்ணீர் கலந்து கேனில் அடைப்பதுதான் வேலை. அவர்கள் வாங்கிய சரக்குக்கு 1 லிட்டருக்கு 20 லிட்டர் தண்ணீர். (சரக்குக்குச் சரக்கு இந்த அளவு மாறும். டப்பாவில் போட்டிருப்பதைத்தான் பார்க்க வேண்டும்.) மூன்று தடவை கலக்கியதில் 63 லிட்டர் ஆனது.

விற்கிற பொறுப்பை ஒரு தங்கச்சியிடம் கொடுத்தார்கள். வயசு இருபத்தாறு. இதற்கு முன்னால் எதையும் விற்றதில்லை.

முதல் இரண்டு வாரம் நன்றாகப் போயிற்று. சித்தி வீடு, நாத்தனார் வீடு, குழு உறுப்பினர்கள் வீடு, தெருக்காரர்கள் என்று 22 லிட்டர் விற்றது. லிட்டர் ரூ.40. "பரவாயில்லையே, நமக்கும் பேச வருது" என்று தைரியம் வந்தது.

மூன்றாவது வாரம் அப்படியே நின்றது. ஏன் தெரியுமா? வாங்கிய வீட்டில் இன்னும் அது தீரவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு லிட்டர் வாங்கினால் ஒரு மாதம் தாராளமாக வரும். தெரிந்த வீடு முடிந்ததும் விற்பனையும் முடிந்துபோகிறது. நம்மில் பல குழுக்களுக்கு இதுதான் நடக்கிறது. அதனால்தான் அவள் யார்டு ஆபீசுக்குப் போனாள்.

அங்கே மேனேஜரிடம் சொன்னது இதுதான்: "சார், நாங்க மகளிர் குழு. எட்டுப் பேரு கஷ்டப்பட்டு செய்யறோம். நீங்கதான் ஆதரவு தரணும்." அவர் மறுக்கவில்லை. ஒரு லிட்டர் சாம்பிள் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அடுத்த வாரம் போனபோது, "வேணாம்மா, பழைய ஆள்கிட்டயே வாங்கிக்கறோம்" என்று சொல்லிவிட்டார். அவள் "சரிங்க சார்" என்று திரும்பி வந்துவிட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலம் குழு கூடியது. "விலை ஜாஸ்தின்னு நினைச்சிருப்பாரு. எட்டு ரூபா குறைச்சிக் குடுப்போம்" என்றார் ஒரு அக்கா. மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஊக்குநர் மட்டும் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டார். காம்பவுண்டு ரூ.300. அதில் 21 லிட்டர் கிடைப்பதால் லிட்டருக்கு ரூ.14 சொச்சம். கேன், லேபிள் ரூ.9. பஸ், ஆட்டோ ரூ.2. ஆக அடக்கம் ரூ.25. நாற்பதுக்கு விற்றால் மிச்சம் ரூ.15. எட்டு ரூபாய் குறைத்தால் மிச்சம் ரூ.7 தான். மாதம் 60 லிட்டர் விற்றால் ரூ.900 நிற்க வேண்டிய இடத்தில் ரூ.420 தான் நிற்கும். தவணை கட்டவே காணாது.

பிறகு அவர் கேட்டார்: "விலை ஜாஸ்தின்னு அந்த சார் சொன்னாரா?"

"இல்லக்கா."

"அப்ப எதுக்கு வேணாம்னாரு?"

"நான் கேக்கலக்கா."

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். அவர் சொல்லாத காரணத்துக்கு வைத்தியம் பார்க்க, சொந்த லாபத்தில் பாதியை வெட்டத் தயாராகிவிட்டார்கள். ஆள் மாற்றினால் தெரியும், நாமும் அதைத்தான் செய்கிறோம். யாராவது வேண்டாம் என்றதும் முதலில் விலையைத்தான் குறைக்கிறோம்.

மறுநாள் அந்தத் தங்கச்சி மறுபடியும் போனாள். கேன் எதையும் எடுத்துப் போகவில்லை. "சார், இன்னைக்கு விக்க வரலை. எங்க பொருள்ல என்ன குறைன்னு தெரிஞ்சா திருத்திக்குவோம். அதைக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்" என்றாள். மேனேஜர், "எனக்கு என்னம்மா தெரியும், துடைக்கிற அம்மாவைக் கேளு" என்று பின்பக்கம் கைகாட்டினார். உண்மையில் "வேணாம்" என்று சொன்னவர் மேனேஜர் இல்லை, அந்த அம்மாதான். பணம் கொடுப்பவர் ஒருத்தர், பொருளை உபயோகிப்பவர் வேறொருத்தர். முதல் நாளே அந்த அம்மாவிடம் யாரும் பேசவில்லை.

அந்த அம்மா சாம்பிள் பாட்டிலைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்தார். மேலே மஞ்சளாக எண்ணெய் மிதந்தது. கீழே கலங்கல் தண்ணீர். நடுவில் திரிந்த பால் மாதிரி துணுக்குகள். "முதல் நாள் ஊத்தினேன், தரை பிசுபிசுன்னு ஒட்டுச்சு. மூணாம் நாள் ஊத்தினா வாசனையே இல்லை, வெறும் தண்ணி."

"குலுக்கிட்டு ஊத்தினா சரியாயிடாதாக்கா?"

"குலுக்கினா சேருது. குனிஞ்சு ஒரு ரூம் துடைச்சிட்டு வர்றதுக்குள்ள பிரிஞ்சிடுது தங்கச்சி."

அவள் வரும் வழியிலேயே சித்தி வீட்டில் நுழைந்து கேனைத் திறந்து பார்த்தாள். அங்கேயும் எண்ணெய் மிதந்தது. நாத்தனார் வீட்டிலும் அப்படியே. "ஏன் சொல்லலை?" என்று கேட்டதற்கு, "நீ மனசு கஷ்டப்படுவேன்னுதான்" என்றார்கள். பாருங்கள், சொந்தக்காரர்கள் பாசத்திலே மறைத்ததை, வேண்டாம் என்ற ஆபீஸ்தான் வெளியே கொண்டுவந்தது.

ஆனால் எல்லா வீட்டிலும் பிரியவில்லை. சில கேன் பால் மாதிரி நன்றாகவே இருந்தது. ஒரே சரக்கு, ஒரே அளவு, பின்னே ஏன் வித்தியாசம்? யோசித்துப் பார்த்ததில் ஒருவருக்கு ஞாபகம் வந்தது. முதல் தடவை கலக்கிய அன்று மெட்ரோ வாட்டர் லாரி வந்திருந்தது. அடுத்த இரண்டு தடவை லாரி வரவில்லை, போர் தண்ணீரில் கலக்கினார்கள்.

அந்தப் பகுதியில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. வருஷக்கணக்காக அதிகம் இறைத்ததால் மீஞ்சூர்ப் பக்கம் கடல் நீர் நிலத்துக்குள் ஏறிவிட்டது. உங்கள் ஊரிலும் உப்புத் தண்ணீர், கடினத் தண்ணீர் உண்டு. அதைக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம். பருப்பு சீக்கிரம் வேகாது, சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். சோப்பு நுரைக்காத அதே காரணம்தான் பினாயிலையும் கெடுக்கிறது. எண்ணெயும் தண்ணீரும் தானாகச் சேராது. காம்பவுண்டில் இருக்கும் சோப்புச் சத்துதான் எண்ணெயைப் பொடிப்பொடித் துளியாக்கித் தண்ணீரோடு பிடித்துவைக்கிறது. அதனால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் உப்பும் அந்த சோப்பைத் திரித்துவிட்டால் பிடிமானம் போய்விடும். எண்ணெய் மேலே வந்துவிடும்.

சந்தேகம் தீர அவர்கள் சோதனை செய்தார்கள். கண்ணாடி மாதிரித் தெரியும் மூன்று பாட்டில்கள். ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் லாரித் தண்ணீர், ஒன்றில் கேன் தண்ணீர். மூன்றிலும் ஒரே அளவு சரக்கைக் கலக்கிக்கொண்டே சேர்த்து, பேர் எழுதி, மூன்று நாள் அசையாமல் வைத்தார்கள். போர் தண்ணீர் பாட்டில் மட்டும் பிரிந்தது. மூன்றுமே பிரிந்திருந்தால் காரணம் வேறு: சரக்கு பழசாக இருக்கும், அல்லது அளவுக்கு மேல் தண்ணீர் சேர்த்திருப்பார்கள், அல்லது சரியாகக் கலக்கியிருக்க மாட்டார்கள்.

இப்போது இன்னொரு சிக்கல். கெட்ட கேன் எந்தெந்த வீட்டுக்குப் போனது? லேபிளில் தேதி போடாததால் தெரியவில்லை. 22 லிட்டரையும் வீடு வீடாகத் திறந்து பார்த்ததில் 9 லிட்டர் பிரிந்திருந்தது. அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு நல்லதைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு கேனிலும் கலக்கிய தேதியும் எத்தனையாவது தடவை என்பதும் எழுதுகிறார்கள். மிச்சமிருந்த கெட்ட சரக்கை யாருக்கும் விற்கவில்லை, ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துத் தங்கள் வீட்டிலேயே குலுக்கிக் குலுக்கித் தீர்த்தார்கள்.

மாதக் கடைசியில் அவள் மூன்றாவது தடவையாக அந்த ஆபீசுக்குப் போனாள். இந்தத் தடவை நேராக அந்த அம்மாவிடம் போனாள். மூன்று நாள் வைத்திருந்த நல்ல பாட்டிலைக் காட்டி, ஒரு வாளித் தண்ணீரில் ஊற்றிக் காட்டினாள். பிறகு கேட்டாள்: "மாசம் எவ்வளவு செலவாகும்? எந்தக் கேன்ல இருந்தா உங்களுக்கு வசதி?" ஒரு லிட்டர் பாட்டில் கட்டுப்படியாகாது, ஐந்து லிட்டர் கேன் வேண்டும், மேனேஜருக்கு பில் வேண்டும் என்று தெரிந்தது. லாரி கிரீஸ் பட்ட தரைக்கு பினாயில் எடுபடாது, அதற்கு சோப் ஆயில் வேறே வாங்குகிறார்கள் என்பதும் தெரிந்தது.

மேனேஜர் ஒரே ஒரு ஐந்து லிட்டர் கேன் எடுத்தார். "இது முடியட்டும், பாக்கலாம்" என்றார். அவ்வளவுதான். அந்த மாதம் குழுவுக்கு லாபம் இல்லை. தவணைக்கு எட்டுப் பேரும் ஆளுக்கு ரூ.100 கைக்காசு போட்டார்கள். ஆனால் விலை நாற்பதிலிருந்து இறங்கவில்லை, பிரியாத பினாயில் கையில் இருந்தது, அடுத்து எந்த ஆபீசுக்குப் போனாலும் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் இந்துஸ்தான் லீவர் கம்பெனி 'சக்தி' என்ற திட்டத்தில் குழுப் பெண்களைத் தன் பொருட்களை விற்க வைத்தது. அங்கே சோப்பில் கோளாறு என்றால் கம்பெனி பார்த்துக்கொள்ளும். நம் பொருளுக்கு நாமே கம்பெனி. விற்கப் போகிறவர் கேட்டு வந்து சொன்னால்தான் கலக்குகிறவர்களுக்குத் தெரியும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை:

1. விற்பவர் கையில் ஒரு நோட்டு. யார் வேண்டாம் என்றார், என்ன காரணம் சொன்னார், அதை உபயோகிப்பவர் யார் என்று மூன்று கட்டம். காரணக் கட்டம் காலியாக இருந்தால் மறுபடி போய்க் கேட்க வேண்டும்.

2. பினாயில் செய்யும் குழுக்கள் ஒவ்வொரு தடவை கலக்கியதிலும் ஒரு பாட்டில் எடுத்து மூன்று நாள் வைத்துப் பார்த்த பிறகே விற்பனைக்கு அனுப்ப வேண்டும். கேனில் தேதி கட்டாயம்.

3. பழைய குடிதண்ணீர், கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பினாயில் அடைக்கக் கூடாது. பால் மாதிரி இருப்பதால் குழந்தைகள் குடித்துவிடும் ஆபத்து உண்டு.

4. காரணம் தெரியாமல் விலையைக் குறைக்கும் தீர்மானம் எழுதக் கூடாது. அடக்க விலைக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் பேச வேண்டும்.

உங்கள் குழுவின் நோட்டைப் பார்க்க நாங்கள் வருவோம். விற்றதை எழுதிய பக்கத்தோடு, "வேணாம்மா" என்று சொன்னவர்கள் பக்கத்தையும் எடுத்து வையுங்கள்.